குரல் இயந்திரத்துக்கு எழுதும்போது: எழுத்தை மாற்றுவதா, குறிச்சொல் இடுவதா?

ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்.

> சேவை மையம் காலை 9.30-க்கு திறக்கும். 1 நபருக்கு கட்டணம் ரூ.150. கைபேசிக்கு வரும் OTP-யை யாரிடமும் சொல்லக்கூடாது. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098-ஐ அழைக்கவும்.

கண்ணால் படிப்பவருக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. இதையே அப்படியே எடுத்து, எழுத்தை ஒலியாக்கும் தமிழ்க் குரல் இயந்திரம் ஒன்றிடம் கொடுத்தால் இடறக்கூடிய இடங்கள் ஆறேழு இருக்கின்றன. 9.30 என்பது ‘ஒன்பது புள்ளி மூன்று பூஜ்ஜியம்’ ஆகலாம். அதன் பின்னால் ‘க்கு’ தனியாகத் தொங்கும். ‘1 நபருக்கு’ என்பது ‘ஒன்று நபருக்கு’ ஆகும். ‘ரூ.’ என்பதில் உள்ள புள்ளியை வாக்கிய முடிவு என்று எண்ணி நின்றுவிட்டு, பிறகு ‘நூற்று ஐம்பது’ என்று புதிதாகத் தொடங்கும். கடைசியில் 1098 ‘ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு’ ஆகிவிடும். அவசரத்தில் கேட்பவர் அதை எண்களாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இதைச் சரிசெய்ய இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, காதுக்காகவே எழுத்தையும் நிறுத்தக்குறியையும் மாற்றி எழுதுவது. இன்னொன்று, மூல வரியை அப்படியே வைத்துக்கொண்டு எஸ்எஸ்எம்எல் என்ற பேச்சுக் குறிமொழியின் குறிச்சொற்களால் குரலுக்கு உத்தரவு இடுவது. தமிழைப் பொறுத்தவரை முதல் பாதைதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. இரண்டாவது பாதை உண்மையில் தேவைப்படும் இடங்கள் சிலவே.

நிறுத்தம்: காற்புள்ளியா, மில்லிவினாடியா?

காற்புள்ளி இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்கிறது. சற்று நிறுத்துகிறது, கூடவே ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்லும்படி தொனியைத் தொங்கவிடுகிறது. முற்றுப்புள்ளி தொனியைக் கீழே இறக்கிவிடும். அதனால், நீண்ட நிறுத்தம் வேண்டும் என்பதற்காகக் காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக மாற்றினால், நிறுத்தம் கிடைக்கும். ஆனால் வாக்கியம் பாதியில் முடிந்துபோனது போலக் கேட்கும். இன்றைய நரம்பியல் குரல்களில் காற்புள்ளிக்கு இத்தனை மில்லிவினாடி என்று நிலையான அளவும் கிடையாது. பயிற்சிப் பேச்சிலிருந்து கற்ற அளவு அது, வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். காற்புள்ளியை மூன்று முறை அடுக்கினால் நிறுத்தமும் மூன்று மடங்காகும் என்று எதிர்பார்க்க முடியாது.

குறிச்சொல்லின் பலம் இங்கேதான். `<break time="400ms"/>` என்று எழுதினால் அளவு நம் கையில் இருக்கிறது. படத்தோடு ஒலியைப் பொருத்த வேண்டிய காணொளிக்கும், கேட்பவர் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ள நேரம் தர வேண்டிய இடத்துக்கும் இதுதான் சரி. எண்ணுக்கு முன் 300 முதல் 400 மில்லிவினாடி, பத்திகளுக்கு இடையே 700 முதல் 1000 வரை என்று தொடங்கிக் கேட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பாதையை எடுத்தாலும் தமிழுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது: ஒற்று. ‘முதலாவதாகப் படிவத்தை நிரப்புங்கள்’ என்ற வரியில் ‘முதலாவதாக’ என்பதற்குப் பின் நிறுத்தம் வேண்டும் என்று காற்புள்ளி போட்டால் ‘முதலாவதாகப், படிவத்தை’ என்று நிற்கும். அந்த ‘ப்’ அடுத்த சொல்லின் ஒலி. நிறுத்தத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டால் குரல் உதட்டை மூடி அடைத்தது போல முடிக்கும், அல்லது ‘ப்பு’ என்று ஒரு உகரத்தைச் சேர்த்துவிடும். நிறுத்தம் போடும் இடத்தில் ஒற்றை நீக்க வேண்டும்: ‘முதலாவதாக, படிவத்தை நிரப்புங்கள்.’ குறிச்சொல் இடும்போது இது இன்னும் எளிதாகக் கண்ணிலிருந்து தப்பிவிடும். ‘ப்’ குறிச்சொல்லுக்கு இந்தப் பக்கமும், சொல் அந்தப் பக்கமும் நிற்கும்.

நிறுத்தம் எங்கே என்று தெரியாமல் குரல் ஓடுவது பெரும்பாலும் வினையெச்சங்கள் அடுக்கிய வாக்கியங்களில்தான். ‘படிவத்தை நிரப்பி கையெழுத்திட்டு நகல் எடுத்து கவுண்டரில் கொடுக்கவும்’ என்பதில் ஒவ்வொரு எச்சத்துக்குப் பின்னும் காற்புள்ளி இடலாம். மூன்றுக்கு மேல் போனால் வாக்கியத்தை இரண்டாக உடைப்பதே மேல்.

எண்: இலக்கமா, சொல்லா?

தமிழில் எண்ணின் சிக்கல் எண்ணில் இல்லை, அதோடு ஒட்டும் உருபில் இருக்கிறது. ‘2019-ல்’ என்பதைக் குரல் ‘இரண்டாயிரத்துப் பத்தொன்பது’ என்று சரியாகவே படித்தாலும், பின்னால் ‘ல்’ ஒட்டாமல் நிற்கும். மனிதர் சொல்வது ‘பத்தொன்பதில்’. ‘10-க்கு’ என்பது ‘பத்துக்கு’, ‘5-ஆல்’ என்பது ‘ஐந்தால்’. இந்தப் புணர்ச்சியை எழுதும் நாம் செய்துவிட்டால் குரலுக்கு ஊகிக்க எதுவும் இல்லை. நடுவில் உள்ள இணைப்புக்கோடும் ஆபத்து. ‘2019-20’ போன்ற இடத்தில் சில குரல்கள் அதைக் ‘கழித்தல்’ என்றே சொல்லும்.

குறிச்சொல் பாதையில், ஓர் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்ல `say-as` இருக்கிறது. ஆனால் எஸ்எஸ்எம்எல் தரத்தை வெளியிட்ட டபிள்யூ3சி, அதன் `interpret-as` மதிப்புகள் எவை என்பதைத் தரத்துக்குள் வரையறுக்கவில்லை. எந்த மதிப்பு எந்த மொழியில் என்ன செய்யும் என்பது ஒவ்வொரு சேவையின் முடிவு. ஆங்கிலத்தில் தொலைபேசி எண்ணைப் பிரித்துப் படிக்கும் அதே மதிப்பு, தமிழ்க் குரலில் கண்டுகொள்ளப்படாமல் போகலாம். எல்லாம் சரியாக நடந்தாலும் ‘பத்தொன்பதில்’ என்று உருபைச் சேர்த்துத் தராது.

ஆகவே எழுதிவைத்த உரைக்குச் சொல் வடிவமே உறுதியானது. ‘1 கிலோ’ என்பதை ‘ஒரு கிலோ’ என்றும், ‘10.30’ என்பதைப் ‘பத்தரை’ என்றும், ‘1.25 லட்சம்’ என்பதை ‘ஒன்றேகால் லட்சம்’ என்றும் எழுதுங்கள். உதவி எண்களை மக்கள் சொல்லும் விதத்திலேயே எழுத வேண்டும். 108 என்பது ‘நூற்றெட்டு’ என்றே எல்லோருக்கும் தெரியும், அதைப் பிரித்தால்தான் குழப்பம். 1098 என்பது பத்து, ஒன்பது, எட்டு.

இலக்கம் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. நிரல் ஒன்று ஒவ்வொருவருக்கும் வேறு தொகையை இட்டு நிரப்பும் அறிவிப்புகளில் சொல்லாக எழுத வழி இல்லை. அங்கே வாக்கியத்தின் அமைப்பையே மாற்றி, எண்ணுக்குப் பின் வெறும் பெயர்ச்சொல் வரும்படி செய்யுங்கள். உருபு அந்தப் பெயரில் ஒட்டட்டும்: ‘₹150-க்கு’ அல்ல, ‘150 ரூபாய்க்கு’. 1 என்ற மதிப்புக்கு மட்டும் ‘ஒரு’ என்று நிரலில் தனி விதி வைத்தால் போதும்.

ஆங்கிலச் சொல்: எந்த எழுத்தில்?

தமிழ் எழுத்தில் வல்லினத்தின் ஒலியை இடம்தான் தீர்மானிக்கிறது. சொல்லின் முதலில் வன்மை, இரண்டு உயிர்களுக்கு நடுவே மென்மை, மெல்லினத்துக்குப் பின்னும் மென்மை. கடன்சொற்கள் சிக்குவது இந்த விதியில்தான். ‘ஏடிஎம்’ என்று சேர்த்து எழுதும்போது ‘டி’ உயிர்களுக்கு நடுவே வருகிறது, ‘பாடம்’ என்பதில் உள்ள ட போல. விதியை அப்படியே பின்பற்றும் குரல் சொல்வது `ADM`. அதேபோல ‘ஓடிபி’ என்பது `ODB` ஆகும். ‘ஓ டி பி’ என்று இடம் விட்டுப் பிரித்தால் ஒவ்வொரு எழுத்தும் சொல்லின் முதலாகிறது, வன்மை திரும்பிவருகிறது. ‘ஓ.டி.பி.’ என்று புள்ளி வைக்காதீர்கள், புள்ளிகள் நிறுத்தங்களாகிவிடும். இதே காரணத்துக்காக ‘டேடா’ அல்ல ‘டேட்டா’, ‘காபி’ அல்ல ‘காஃபி’.

ஆனால் `bill`, `gas` போன்ற சொற்களின் முதல் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. ‘பில்’ என்பதில் வன்மையான ‘ப’தான் விதிப்படி வரும். அன்றாடம் புழங்கும் ‘பஸ்’ போன்றவற்றைப் பல நரம்பியல் குரல்கள் பயிற்சியிலேயே சரியாகக் கற்றிருக்கும். அரிதான சொல்லில்தான் விதி மேலோங்கும். அப்போது ஆங்கில எழுத்தே நல்லது. விதிகளால் இயங்கும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் கருவி அத்தகைய சொற்களை ஆங்கில விதிப்படி படிக்கும், நரம்பியல் குரல்கள் பலவும் இந்திய உச்சரிப்பில் படித்துவிடும். அதோடு தமிழ் உருபை மட்டும் நேரடியாக ஒட்டாதீர்கள். ‘gas-ஐ’ என்பதற்குப் பதில் ‘gas சிலிண்டரை’, ‘bill-க்கு’ என்பதற்குப் பதில் ‘bill தொகைக்கு’. உருபைத் தாங்க ஒரு தமிழ்ச்சொல்லையோ நன்றாகப் பழகிய சொல்லையோ பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு மொழிகளின் மூட்டு ஒலிக்கவே ஒலிக்காது.

குறிச்சொல் பாதையில் இதற்கு நல்ல விடை `sub`. திரையில் மூல வரி, காதில் மாற்று வரி:

```xml
<sub alias="ஓ டி பி எண்ணை">OTP-யை</sub>
```

வசன வரிகளும் ஒலியும் ஒரே கோப்பிலிருந்து வர வேண்டும் என்றால் இதைவிட வசதி இல்லை. ஆனால் கருவி குறிச்சொல்லை ஏற்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் `edge-tts` என்ற கட்டளைவரிக் கருவி நம் குறிச்சொற்களை ஏற்பதில்லை, அவற்றை வெறும் எழுத்தாகவே கருதும். அங்கே கண்ணுக்கு ஒரு கோப்பு, காதுக்கு ஒரு கோப்பு என்று இரண்டு வைத்துக்கொள்வதுதான் வழி:

```
edge-tts --voice ta-IN-PallaviNeural --rate=-10% --file kaathu.txt --write-media oli.mp3
```

காதுக் கோப்பைக் கண்டுபிடித்து மாற்றும் பட்டியலால் உருவாக்குவோர், நீளமான கோவையை முதலில் மாற்றட்டும். ‘1’ என்பதை முதலில் ‘ஒரு’ ஆக்கினால் 1098 உடைந்துபோகும். பட்டியலில் ‘கெளரவம்’ போன்ற பிழைகளையும் சேருங்கள். அதில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் தட்டச்சாகியிருக்கும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்தாலும் குரல் ‘கெ-ள-ர-வம்’ என்று நான்காகப் படிக்கும். சரியான வடிவம் ‘கௌரவம்’.

ஒலியை உருவாக்கும் முன் ஐயமான சொல்லை மட்டும் சோதிக்க ஈஸ்பீக் உதவும்:

```
espeak-ng -v ta -q --ipa "ஏடிஎம், ஏ டி எம்"
```

விதிப்படி என்ன ஒலி வரும் என்பதை இது எழுத்தில் காட்டும். நரம்பியல் குரல் இதிலிருந்து விலகலாம் என்பதால், இறுதிக் குரலிலும் அந்த ஒரு வரியை ஓட்டிக் கேட்க வேண்டும். சொல்லைத் தனியாக ஓட்டினால் போதாது. சொல் வாக்கியத்தின் நடுவே வரும்போதுதான் ஒலி மாறுகிறது.

முதலில் பார்த்த அறிவிப்பின் காது வடிவம்:

> சேவை மையம், காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கும். ஒரு நபருக்குக் கட்டணம், நூற்று ஐம்பது ரூபாய். கைபேசிக்கு வரும் ஓ டி பி எண்ணை, யாரிடமும் சொல்லக்கூடாது. குழந்தைகளுக்கான உதவிக்கு அழைக்க வேண்டிய எண்: பத்து, ஒன்பது, எட்டு.

இதில் குறிச்சொல் தேவைப்படுவது ஒரே இடத்தில்தான்: கடைசி எண்ணுக்கு முன் 400 மில்லிவினாடி. முக்காற்புள்ளியைச் சில குரல்கள் மதிக்கின்றன, சில அதைத் தாண்டி ஓடுகின்றன. குறிச்சொல் ஏற்காத கருவி என்றால், ‘எண்’ என்பதற்குப் பின் வாக்கியத்தை முடித்துவிட்டு ‘பத்து, ஒன்பது, எட்டு’ என்பதைத் தனி வரியாக வையுங்கள்.