அப்ரண்டிஸா? ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு, 2021 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் அறுவடை இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஓராண்டு ஒப்பந்தம், மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகை. apprenticeshipindia.gov.in தளத்தில் முறையாகப் பதிவும் செய்தார்கள்.

சம்பா அறுப்பு முடியும்வரை ராத்திரி பகல் பார்க்காமல் வேலை. மார்ச் மாதப் பணம் ஏப்ரல் 10-க்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏப்ரல் கடைசி நாள் முதலாளி கூப்பிட்டார். “சீசன் முடிஞ்சுது தம்பி, உனக்குக் கொடுக்க வேலை இல்ல. இதுல கையெழுத்துப் போடு, ரெண்டு மாசப் பணமும் நாளைக்கே ஏறிடும்.” சொந்தக் காரணத்தால் விலகுகிறேன், பாக்கி எதுவும் இல்லை என்று தாளில் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். பணம் வேண்டுமே!

பணம் ஏறவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனால், அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை, இங்கே எடுக்க முடியாது என்றார்கள். 1961 தொழிற்பழகுநர் சட்டமே அப்படித்தான் சொல்கிறதாம். இதில் இரண்டு வாரம் வீண். பிறகு என் ஐ.டி.ஐ. சார்தான், பழகுநர் பயிற்சியைக் கவனிக்கும் அதிகாரியிடம் போ என்றார்.

அந்த அதிகாரி கணினியில் பார்த்தார். என் ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தது! இடையில் முறிக்க வேண்டுமானால் முதலாளி காரணத்தை எழுதி, அரசு நியமித்த தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் மனுப் போட வேண்டும், நகல் நமக்கும் வர வேண்டும், ஆலோசகர் ஏற்றுக்கொண்டால்தான் முடியும். நாளையிலிருந்து வராதே என்று வாயால் சொன்னால் செல்லாது. சொல்லாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் வராதவன் என்றால் அது நியாயமான காரணம். சீசன் முடிந்ததில் பையன் தப்பு என்னப்பா என்று அவரே கேட்டார்.

வங்கிப் புத்தகத்தில் இரண்டு மாதமும் வரவு இல்லாததால், “பாக்கி இல்லை” என்ற தாள் எடுபடவில்லை. 14,000 ரூபாய் வந்துவிட்டது.

ஆனால் முதலாளி பக்கத்துத் தவறால் ஒப்பந்தம் முறிந்தால், கடைசியாக வாங்கிய உதவித்தொகையில் மூன்று மாத அளவு இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அது 21,000. நானே விலகியதாக என் கையெழுத்து இருந்ததால் அந்தப் பேச்சே எடுக்க முடியவில்லை. பழகுநர் தவறு என்று முடிவானால், பயிற்சிச் செலவை நம்மிடமே திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு; அது வரை போகாதது என் அதிர்ஷ்டம்.

என்னோடு சேர்ந்த இன்னொரு பையன் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தான், அதனால் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவனுக்கு 35,000 கிடைத்தது.

அதே பட்டறையில் அடுத்த அக்டோபரிலும் பையன்களைச் சேர்த்தார்கள்.