தாம்பூலப் பை 500 வேண்டும்: மூன்று வழிகள், ஒரு தேதி

பிப்ரவரி முதல் வாரத்தில், தை முகூர்த்தத்தில் கல்யாணம். மணமக்கள் பெயர் அச்சிட்ட மஞ்சள் துணிப் பை 500 வேண்டும். ஆன்லைனில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. அமேசான், மீஷோ போன்ற தளங்களில் தயார் பையாக வாங்கலாம். இந்தியாமார்ட் மாதிரி பட்டியல் தளத்தில் விசாரித்து, வருகிற விலைகளில் ஒன்றைப் பிடிக்கலாம். அல்லது மதுரை, ஈரோடு, கரூர் பக்கம் பை தைக்கிற ஒருவரின் வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப் பிடித்து நேராகப் பேசலாம்.

பலரும் பை ஒன்றுக்கு என்ன விலை என்பதை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது தேதி. பை கல்யாணத்துக்கு மறுநாள் வந்தால் 15 ரூபாய்க்கு வாங்கினாலும் வீண்தான்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுவோம். வெற்றிலை பாக்கு, தேங்காய் தவிர மற்றதைப் போட்டு அடுக்கி வைக்க ஒரு வாரமாவது முன்பே பை கையில் இருக்க வேண்டும். அப்படியானால் ஜனவரி 28. லாரி பார்சலுக்கு நாலு நாள் விட்டால், 24ஆம் தேதி சரக்கு கிளம்ப வேண்டும். தைத்து, அச்சிட்டுக் காய வைக்கப் பத்து நாள் கேட்பார்கள். ஆனால் நடுவில் பொங்கல் இருக்கிறது. தையல்காரர்கள் ஊருக்குப் போனால் பட்டறை உடனே பழைய வேகத்துக்கு வராது. ஆகவே அச்சு வடிவத்துக்கு நாம் சம்மதம் சொல்லும் நாள் ஜனவரி 5ஐத் தாண்டக் கூடாது. மாதிரிப் பை வரவழைத்துப் பார்க்கும் வேலை டிசம்பர் நடுவிலேயே முடிந்திருக்க வேண்டும். மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் பட்டறை சும்மா இருக்கும் என்று நினைக்காதீர்கள். தை மாத ஆர்டர்கள் குவிவது அப்போதுதான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

தேதி நெருங்கிவிட்டால் தயார் பைக்கு மிஞ்சியது இல்லை. சில நாளில் வீட்டுக்கு வந்துவிடும். ஒரே ஒரு பாக்கெட் முதலில் வாங்கினால் அதுவே மாதிரி. சிக்கல் எண்ணிக்கையில் வருகிறது. பத்துப் பத்தாக 50 பாக்கெட் கேட்கும்போது ஒரே விற்பனையாளரிடம் அவ்வளவு இருக்காது. இரண்டு பேரிடம் பிரித்து வாங்கினால் ஒரு பாதி எலுமிச்சை மஞ்சளாகவும் மறு பாதி சந்தன நிறமாகவும் வந்து நிற்கும். பக்கத்தில் காட்டும் விற்பனையாளர் பெயர் எல்லா பாக்கெட்டுக்கும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு மொத்த ஆர்டரைப் போடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எண்ணியும் முடித்துவிட வேண்டும். பெயர் அச்சிட்ட பை இந்த வழியில் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

பட்டியல் தளம் சரக்கு விற்பதில்லை, விற்பவரைக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். ஒரு விசாரணை போட்டதும் பல ஊர்களிலிருந்து அழைப்பு வரும். விலை மலிவாக இருக்கும், ஆனால் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது உடனே தெரியாது. அதற்கு ஒரு சுலபமான வழி: ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. 33 என்றால் தமிழ்நாடு, 24 என்றால் குஜராத், 07 என்றால் டெல்லி. services.gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு வேறு ஆள் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வெளிமாநிலத்திலிருந்து வாங்கும்போது இன்னொன்றும் உண்டு. துணி போலவே தெரியும் நான்-ஓவன் பையைப் பலர் அனுப்புகிறார்கள். அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 அன்று வந்த பிளாஸ்டிக் தடையில் அதுவும் சேர்க்கப்பட்டது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும். நான்-ஓவன் உருகி, கெட்டியான சொட்டாகச் சுருளும்.

நேராகத் தைப்பவரிடம் போனால் விலை எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம். பை 22 ரூபாய் என்கிறார். 500 பைக்கு 11,000. ஸ்கிரீன் கட்டணம், வரி, லாரிக் கூலி மூன்றும் சேர்ந்து 1,700 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,700, பை ஒன்று 25 ரூபாய் 40 காசு. தளத்தில் 28 ரூபாய்க்கு வீடு வரை வரும் பையோடு ஒப்பிட வேண்டியது இந்த 25.40ஐத்தான், 22ஐ அல்ல. வித்தியாசம் மூன்று ரூபாய்க்கும் குறைவு. ஆனாலும் நேராக வாங்குவதுதான் மலிவு, அதோடு பெயர் அச்சும், நாம் கேட்ட அளவும் கிடைக்கின்றன.

ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் தனியாகப் போட வேண்டும். அதனால் ஒரே நிறத்தில் முடித்துக்கொள்வது செலவுக்கும் நல்லது, தேதிக்கும் நல்லது.

இனி மாதிரி. போட்டோவில் எல்லாப் பையும் அழகுதான். காசு கொடுத்தாவது ஒரு பையைக் கூரியரில் வரவழையுங்கள். அதில் குடுமியோடு ஒரு தேங்காய், இரண்டு பழம், கொடுக்கப்போகும் பரிசுப் பொருளைப் போட்டு ஒரு ராத்திரி கதவுக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். காலையில் கைப்பிடி பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஒற்றைத் தையல் என்றால் துளைகள் இழுபட்டு வாய் திறந்திருக்கும். பெட்டி போட்டுக் குறுக்கே தைத்திருந்தால் அசையாது. அடுத்து, பையின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். மஞ்சள் இறங்கினால் ஈரத் தேங்காயோடு பட்டுப்புடவையிலும் இறங்கும். அச்சையும் ஈர விரலால் தேய்த்துப் பார்க்கலாம். மாதிரி பிடித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்ததும் அதே கனத் துணிதானா என்று ஒப்பிட வேறு சாட்சி கிடையாது.

அச்சு வடிவம் வாட்ஸ்அப்பில் படமாக வரும். நாம் யூனிகோடில் அனுப்பிய பெயரை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது சாதாரணம். ஸ்ரீ, க்ஷ, ஔ இருந்தால் இன்னும் கவனம் தேவை. பெரியவர் ஒருவரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லிவிட்டு, "சரி" என்று எழுத்திலேயே பதில் போடுங்கள்.

பணத்தைப் பாதிப் பாதியாகப் பேசலாம். மீதியைக் கொடுப்பதற்கு முன், ஐம்பது ஐம்பதாகக் கட்டிய பத்துக் கட்டுகளையும் ஒரே வீடியோவில் கேளுங்கள். லாரி ரசீது எண் வந்ததும், வீட்டுக்கே வருமா, நாம் பார்சல் ஆபீஸில் போய் எடுக்க வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி நாளில் ஆட்டோ தேடுகிறார்கள்.

என் முடிவு: கைவசம் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டிலேயே தைப்பவரிடம் நேராகக் கொடுங்கள். பட்டியல் தளத்தை அவரைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தலாம். மூன்று வாரத்துக்குள் என்றால் பெயர் அச்சை விட்டுவிட்டு, ஒரே விற்பனையாளரிடம் வெறும் மஞ்சள் பை வாங்கி, உள்ளூர் அச்சகத்தில் பெயர்ச் சீட்டு அடித்துக் கட்டுங்கள். இடைப்பட்ட காலம்தான் ஆபத்து. அப்போது தைப்பவர் "ஆகிவிடும்" என்று சொன்னால், ஜனவரி 20ஆம் தேதி தைத்து முடித்த பைகளின் படம் வர வேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள். அன்று வராவிட்டால் மறுநாளே தயார் பைக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.