தோசைப் பொட்டலத்துக்கு ஐந்து பக்கம்: ஒரு போர்ட்ஃபோலியோவோடு மூன்று வருடம்

ரங்கூனில் வளர்ந்து, இப்போது சிங்கப்பூரில் பொருள் வடிவமைப்பு டிப்ளோமா மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை இடம் கிடைக்கவில்லை, இரண்டாம் முறை கிடைத்தது. நடுவில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் என் கை பெரிதாகத் தேறிவிடவில்லை. எந்த வேலைகளை எடுத்து வைத்தேன், அவற்றை எப்படிச் சொன்னேன் என்பதுதான் மாறியது. அந்த முறையை அப்புறமும் விடாமல் பயன்படுத்தியிருக்கிறேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்ல முடியும்.

முதல் போர்ட்ஃபோலியோவில் 24 படங்கள் இருந்தன. அதில் பாதி, போனில் பார்த்து பென்சிலில் வரைந்த முகங்கள். ஷ்வேடகோன் பகோடாவை ஒரு புகைப்படத்திலிருந்து அக்ரிலிக்கில் தீட்டியது ஒன்று. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலை நடந்த விதத்தையும் காட்ட வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. அதனால் முடிந்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ‘முன்னால்’ வந்ததுபோல நான்கைந்து ஸ்கெட்ச் போட்டேன்.

வீடியோ நேர்காணலில் விரிவுரையாளர் ஒரு விளக்கு வடிவமைப்பின் பக்கத்தைத் திறந்து, மூன்று ஸ்கெட்ச்களைக் காட்டி, “இதில் முதலில் போட்டது எது?” என்று கேட்டார். ஏதோ ஒன்றைச் சொன்னேன். “இரண்டாவதை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று அடுத்த கேள்வி. பதில் வரவில்லை. மூன்றும் முடிவான விளக்கின் சாயலிலேயே இருந்தன, எதுவும் தப்பிப் போகவில்லை. வேலை உண்மையாக நடந்திருந்தால் ஆரம்ப ஸ்கெட்ச் கடைசிப் பொருளிலிருந்து விலகியிருக்கும். சிலது வேறு திசையில் போய் நின்றுவிடும், ஓரத்தில் அளவுகளும் கேள்விகளும் கிறுக்கியிருக்கும். பின்னால் போட்டது எல்லாம் ஒரே பென்சிலில், ஒரே சுத்தத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

முடிவு வந்த பிறகு, வீட்டிலிருந்த எல்லா வேலைகளையும் தரையில் பரப்பினேன். 61 இருந்தன. எனக்கு டிராயிங் கற்றுக்கொடுத்த சயாமா வந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: “இதைச் செய்யும்போது எங்கே மனசு மாறினாய்?” பதில் இருந்தவை வலது பக்கம், இல்லாதவை இடது பக்கம். ஷ்வேடகோன் இடது பக்கம் போனது. அதற்கு மூன்று வாரம் உழைத்திருந்தேன், அதனால் உண்மையிலேயே வலித்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நான் எடுத்த ஒரே முடிவு எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைவது என்பதுதான்.

வலது பக்கம் ஒன்பதுதான் தேறின. அதிலும் நான் ‘வேலை’ என்றே நினைக்காத ஒன்றை சயாமா தனியாக எடுத்து வைத்தார். தோசைப் பொட்டலம்.

எங்கள் ஆயா அனோரதா சாலைக்குப் பக்கத்தில், காளி கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், காலையில் தோசைக் கடை போடுகிறார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், கட்டித்தான் வாங்கிப் போவார்கள். பிளாஸ்டிக் பையில் தோசை, சின்னப் பையில் சாம்பார், ரப்பர் பாண்ட். “உங்கள் தோசை ஆபீஸ் போவதற்குள் நனைந்த துணி மாதிரி ஆகிவிடுகிறது” என்று ஒருவர் சொன்னதை ஆயா வீட்டில் வந்து சொன்னார்கள். அதைச் சரிசெய்ய முடியுமா என்று ஸ்கெட்ச்புக்கின் பின்பக்கங்களில் கிறுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சயாமா அதை முறையாகத் தொடரச் சொன்னார். ஒரு காலையில் பத்துப் பொட்டலம் கட்டி, 10, 20, 30 நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படமெடுத்தேன். 10 நிமிடத்திலேயே பையின் உள்பக்கம் துளித்துளியாக நீர் நின்றது. சூடான தோசையிலிருந்து வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல் பையில் பட்டுக் குளிர்ந்து, தண்ணீராகித் தோசை மேலேயே இறங்குகிறது. கெட்டியான பை தேடினால் இது தீராது, ஆவி போக வழிதான் வேண்டும் என்பது அன்று புரிந்தது.

முதல் மாதிரி, பக்கவாட்டில் துளையிட்ட பழுப்புக் காகித உறை. ஆவி போனது, ஆனால் கீழ்த் துளைகள் வழியாக எண்ணெயும் கசிந்து ஒருவர் சட்டையில் பட்டது. இரண்டாவதில் துளைகளை மேல் மடிப்புக்கு மாற்றினேன். தோசை மொறுமொறுப்பாகவே இருந்தது, ஆனால் பேருந்துக் கூட்டத்தில் நசுங்கியதும் மடிப்பு பிரிந்துவிட்டது. மூன்றாவதில் மடிப்பின் நாக்கை ஒரு கீறலுக்குள் செருகினேன். பசையும் பின்னும் வேண்டாம். ஆனால் ஆயாவுக்கு ஒன்றைக் கட்ட 25 விநாடி ஆனது, பழைய முறையில் 8 விநாடிதான். கடையில் ஆள் நிற்கும்போது அது நடக்காத காரியம். நான்காவதில் கீறலை முன்பே போட்டு அடுக்கி வைத்தோம், 12 விநாடிக்கு வந்தது. அங்கே நிறுத்தினேன்.

போர்ட்ஃபோலியோவில் இதற்கு ஐந்து பக்கம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் கடையும் நனைந்த தோசையும். இரண்டாவதில் நேரம் எழுதிய பத்துப் படங்கள். மூன்றாவதில் ஸ்கெட்ச்புக் பக்கங்கள், எண்ணெய்க் கறையோடு அப்படியே. நான்காவதில் நான்கு மாதிரிகளும் வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் எது தோற்றது என்று ஒரு வரி. ஐந்தாவதில் ஆயாவின் கை பொட்டலம் கட்டுவது. மொத்தம் 20 பக்கத்தில் நான்கில் ஒரு பங்கு ஒரு தோசைப் பொட்டலத்துக்குப் போனது. அம்மாவுக்கு அதில் சம்மதமே இல்லை.

விளக்கம் எழுதுவதில்தான் அதிக நாள் போனது. முதலில் எழுதியது இப்படி இருந்தது: “பாரம்பரிய உணவையும் நவீன வடிவமைப்பையும் இணைக்கும் முயற்சி இது.” இது எந்த வேலைக்கும் பொருந்தும். சயாமா ஒரு விதி சொன்னார்: எதைப் பார்த்தாய், எதைச் செய்தாய், எது நடந்தது, அதனால் எதை மாற்றினாய். இந்த நான்கைத் தவிர வேறெதையும் எழுதாதே. பிறகு வந்தது: “பையின் உள்ளே 10 நிமிடத்தில் நீர் நின்றது. பக்கத்தில் துளையிட்டேன், எண்ணெய் கசிந்தது. துளைகளை மேல் மடிப்புக்கு மாற்றினேன்.” முதலில் தமிழில் எழுதி, அப்புறம்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். நேராக ஆங்கிலத்தில் எழுதும்போது கேள்விப்பட்ட பெரிய வார்த்தைகள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தமிழில் ஆயாவிடம் சொல்வதுபோல எழுதினால் நடந்தது மட்டும்தான் வருகிறது. ஒரு பக்கத்துக்கு 60 சொல்லுக்கு மேல் போகவில்லை. படத்திலேயே தெரிவதை எழுத்தில் திரும்பச் சொல்லவும் இல்லை.

வரிசையில் தோசைப் பொட்டலத்தை முதலில் வைத்தேன். தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்த ஸ்கெட்ச்கள் கடைசியில். குட்டை ஸ்டூல்கள், லுங்கி மாதிரியான லோன்ஜியை மடித்து உட்காரும் விதம், கெட்டிலைத் தூக்கும் கை. அதில் பல கோணலாகவே இருந்தன. இரண்டாம் நேர்காணலில் அவர்கள் அதிக நேரம் நின்றது இந்த இரண்டிலும்தான். “12 விநாடியை இன்னும் குறைக்க என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். உண்மையாக அதையே யோசித்துக்கொண்டிருந்ததால் பேச்சு தானாக வந்தது.

படமெடுத்த விதத்தில் முதலில் ஒரு குறை இருந்தது. பெரிய தாள்களை மிகக் கிட்டே நின்று போனில் எடுத்ததால் ஓரங்கள் வில்போல வளைந்துவிட்டன. இரண்டடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூமில், போனைத் தாளுக்கு நேர் இணையாகப் பிடித்தபோது அது சரியானது. விளக்கு வெளிச்சத்தைவிட மழைக்கால மேகமூட்டத்தில் பால்கனியில் எடுத்தவைதான் நிழலில்லாமல் சீராக வந்தன. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாததால் பிடிஎஃப்பைக் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பே ஏற்றிவிட்டேன்.

அசல் தாள்களைக் காப்பாற்றுவதில் தோற்றேன். பிளாஸ்டிக் உறைகளில் போட்டு மூடி வைத்துவிட்டுச் சிங்கப்பூர் வந்தேன். ரங்கூன் மழைக்காலம் ஒன்று கடந்த பிறகு திறந்தபோது, காகிதத்தில் இருந்த ஈரம் வெளியேற முடியாமல் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. பொட்டலத்தில் நடந்த அதே கதை. இப்போது தாள்களுக்கு நடுவே வெறும் காகிதம் வைத்து, திறந்த அட்டைக் கோப்பில், தரையிலிருந்து உயரமாக வைத்திருக்கிறோம். லினோலியத் தகட்டில் செதுக்கி எண்ணெய் மையில் அச்சடித்த லினோ பிரிண்ட்களை மழைக்காலத்தில் இரண்டு வாரம் தனியாகத் தொங்கவிடாமல் அடுக்குவதில்லை.

இந்த முறை எல்லாப் படிப்புக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். போன வருடம் சித்தி மகன் ஓவியப் படிப்புக்கு விண்ணப்பித்தான். அவனுடைய படங்களுக்கும் அதே நான்கு கேள்விகளை வைத்து விளக்கம் எழுத வைத்தேன். படித்துப் பார்த்தால், ஒவ்வொரு ஓவியமும் ஏதோ சிக்கலுக்குத் தீர்வு கண்டதுபோல இருந்தது. அவன் மழையில் நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷாக்களை ஒன்பது மாதம் திரும்பத் திரும்ப வரைந்திருந்தான். அதில் தீர்க்க எதுவும் இல்லை. விளக்கத்தை எடுத்துவிட்டு, அந்த ஒன்பது மாதத்திலிருந்து 14 படங்களைத் தேதி வரிசையில் வைத்து, தலைப்பு, பொருள், அளவு மட்டும் போட்டோம். ஆரம்பத்தில் ரிக்‌ஷா முழுதாக இருக்கிறது, போகப்போகச் சக்கரமும் தண்ணீரும் மட்டும் மிஞ்சுகின்றன. எப்போது அப்படி மாறியது என்று கேட்டால் அவனால் தேதியோடு சொல்ல முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொரு தாளின் பின்னாலும் அன்றைக்கே தேதி எழுதியிருந்தான்.

நானும் முதல் ஆண்டிலிருந்து அப்படியே தேதி எழுதுகிறேன். தோற்றவற்றைத் தூக்கிப் போடுவதில்லை, எங்கே தோற்றது என்று அன்றைக்கே ஒரு வரி எழுதி வைக்கிறேன். அடுத்த மாதம் பயிற்சி வேலைக்குப் புதுப் போர்ட்ஃபோலியோ அனுப்ப வேண்டும். அதற்குத் தரையில் பரப்பியிருப்பவற்றில் ஆயாவின் ஐந்தாவது மாதிரியும் இருக்கிறது. கடையில் இருந்தபடியே அவர்களாகச் செய்தது. கீறலே இல்லை, வாழை நாரால் ஒரு சுற்று. 9 விநாடி.