12 வாரத் திட்டத்தில் ஸ்பிரிண்டும் வாட்டர்ஃபாலும்: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

வாட்டர்ஃபால் என்பது தேவை, வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங் என்று ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்ததைத் தொடங்கும் முறை. ஸ்பிரிண்ட் என்பது குறுகிய, நிலையான காலத்துக்குள் ஓடக்கூடிய ஒரு சிறு பகுதியை முடித்துக் காட்டும் சுற்று. மாணவர் குழுக்களில் இரண்டு முறைகளையும் பல பருவங்கள் பயன்படுத்திப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தவறுகள் இரண்டிலும் வரும். அவை எந்த வாரத்தில் கண்ணில் படுகின்றன என்பதுதான் திட்டம் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரு நூலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். குழுவில் 4 பேர், கையில் 12 வாரம். வாட்டர்ஃபாலில் தேவைகளுக்கு 2 வாரம், வடிவமைப்புக்கு 2, கோடிங்குக்கு 5, டெஸ்டிங்குக்கு 2, ஒப்படைக்க 1 என்று பிரிப்பார்கள். வடிவமைப்பில் இப்படி ஒரு டேபிள் உருவாகிறது:

```sql
CREATE TABLE book (
  book_id INT PRIMARY KEY,
  title VARCHAR(200),
  borrowed_by INT
);
```

தாளில் பார்த்தால் குறையே தெரியாது. 10-வது வாரம் நூலகர் முதன்முறையாக மென்பொருளைத் தொடுகிறார். "இந்தப் புத்தகம் எங்களிடம் மூன்று பிரதி இருக்கே, மற்ற இரண்டை எப்படிக் கொடுப்பது?" என்று கேட்கிறார். ஒரு தலைப்புக்கு ஒரே `borrowed_by` என்பதால் பதில் இல்லை. பிரதிக்கு ஒரு டேபிள், இரவலுக்கு ஒரு டேபிள் என்று பிரிக்க வேண்டும். அதற்குள் தேடல், முன்பதிவு, அபராதம், அறிக்கை எல்லாமே அந்த `borrowed_by` நெடுவரிசையை நம்பி எழுதப்பட்டுவிட்டன. நான்கு பேரும் தங்கள் பகுதியைத் திருத்த உட்கார்ந்தால் டெஸ்டிங்குக்கு ஒதுக்கிய 2 வாரம் அதிலேயே போய்விடும்.

இதே திட்டத்தை 2 வார ஸ்பிரிண்ட்களாகச் செய்யும்போது முதல் ஸ்பிரிண்டின் வேலை ஒன்றே ஒன்று: உறுப்பினர் ஒரு புத்தகத்தை இரவல் வாங்குவது. லாகின் வேண்டாம், தேடல் வேண்டாம். உறுப்பினர் எண்ணும் புத்தக எண்ணும் தட்டி பட்டனை அழுத்தினால் டேட்டாபேஸில் பதிவாக வேண்டும், அவ்வளவுதான். 2-வது வார டெமோவிலேயே நூலகர் அதே கேள்வியைக் கேட்டுவிடுவார். அப்போது மாற்ற வேண்டியது ஒரு திரையும் ஒரு டேபிளும் மட்டுமே.

ஆனால் ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்தாலே இந்தப் பலன் வந்துவிடாது. நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு இது: முதல் ஸ்பிரிண்டில் முழு டேட்டாபேஸ், இரண்டாவதில் சர்வர், மூன்றாவதில் திரைகள். இது துண்டு போட்ட வாட்டர்ஃபால்தான். கண்டுபிடிப்பது எளிது. ஸ்பிரிண்ட் முடிவில் பயனர் அழுத்திப் பார்க்க ஒரு பட்டன்கூட இல்லையென்றால் வேலையைக் குறுக்குவாட்டில் வெட்டியிருக்கிறீர்கள். திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை போகும் மெல்லிய துண்டாக வெட்ட வேண்டும்.

இன்னொரு அடையாளம், வேலைகளை அட்டைகளாக ஒட்டும் போர்டில் "90% முடிந்தது" என்று நிற்கும் அட்டைகள். முடிந்தது என்றால் என்ன என்பதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்: கோட் `main` கிளையில் சேர்ந்திருக்க வேண்டும், இன்னொருவர் கணினியில் ஓட வேண்டும், எழுதாத ஒருவர் சோதித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலை, செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்குக்கே திரும்பட்டும். அதற்காக ஸ்பிரிண்டின் தேதியை நீட்டாதீர்கள்; ஒருமுறை நீட்டினால் எவ்வளவு வேலை முடிக்கிறோம் என்ற அளவே கெட்டுவிடும்.

ஸ்பிரிண்டுக்குச் செலவும் உண்டு. ஆளுக்கு வாரம் 6 மணி நேரம் என்றால் ஒரு ஸ்பிரிண்டுக்குக் கிடைப்பது 48 மணி. திட்டமிட 1 மணி, டெமோவும் அலசலும் சேர்த்து 1 மணி என்றால் நான்கு பேருக்கு 8 மணி. 15 நிமிடக் கூட்டத்தை வேலை நாள்தோறும் வைத்தால் இன்னொரு 10 மணி. மீதி 30. ஸ்பிரிண்ட்களாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறை தினமும் கூடச் சொல்வது முழுநேரக் குழுக்களை மனதில் வைத்து. மாணவர்களுக்கு வாரம் மூன்று முறை போதும். 4 மணி மிச்சமாகும்.

வாட்டர்ஃபாலை ஒதுக்கிவிடவும் கூடாது. கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் வாட்டர்ஃபால் படத்தை 1970-இல் ஒரு கட்டுரையில் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸே, சோதனை கடைசியில் வருவதால் அது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். பலரும் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நிலையான வடிவமுள்ள கோப்பைப் படித்து மாற்றித் தருவது போல, தேவை முழுக்க முன்பே எழுதப்பட்டு மாறாமல் இருக்கும் வேலைக்கு வரிசை முறை நன்றாகவே பொருந்துகிறது. ஸ்பிரிண்ட் குழுக்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கோட் எழுதுமுன் இரண்டு நாள் செலவிட்டு, புத்தகம், பிரதி, உறுப்பினர், இரவல் ஆகியவை எப்படி இணைகின்றன என்று தாளில் வரைவது. பாடத்திட்டம் தேவை ஆவணம் கேட்டால் அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு டெமோ முடிந்த அன்றே மாறிய வரிகளைத் திருத்திப் புதிய பதிப்பு எண் கொடுங்கள்.