ஊற்றிவிட்டுக் கிளம்பலாமா, காரணம் தேடணுமா? என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில்: ஓர் ஒப்பீடு

நாளைக் காலை நீண்ட பயணம். முந்தின நாள் மாலை பானெட்டைத் திறந்து பார்த்தால் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. இப்போது நம் முன்னால் இரண்டு வழிகள். குறைந்ததை ஊற்றிவிட்டுக் கிளம்புவது ஒன்று. ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்த பிறகு கிளம்புவது இன்னொன்று. மூன்று திரவங்களுக்கும் கீழ்க்கோடு, மேல்கோடு என்று இரண்டு அடையாளங்கள் இருப்பதால் மூன்றையும் ஒரே மாதிரி பார்க்கப் பழகிவிட்டோம். என் கணக்கில், என்ஜின் ஆயிலுக்கு முதல் வழி பெரும்பாலும் போதும். கூலன்டுக்கு அது ஒரே ஒரு தடவைதான் செல்லும். பிரேக் ஆயிலுக்கு அந்த வழியில் போகவே கூடாது.

என் மைத்துனரின் கார் ஒன்றை வைத்தே சொல்கிறேன். குடும்பத்தோடு 500 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலை பார்த்தபோது ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தது, கூலன்ட் கீழ்க்கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது, பிரேக் ஆயிலும் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலேதான் நின்றது. "எல்லாத்தையும் ஊத்திடலாம் மாமா, காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்றார் அவர். முதலாவதை மட்டும் ஊற்றச் சொன்னேன்.

ஆயிலிலிருந்து தொடங்குவோம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஓடிய என்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விட்டால் மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்கிவிடும். சில வண்டிகளில் ஆறிய என்ஜினில்தான் பார்க்கச் சொல்வார்கள், அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் இரு பக்கமும் வேறு வேறு உயரம் காட்டினால் தாழ்ந்த பக்கத்தையே நம்புங்கள். மற்றது குழாயின் சுவரில் உரசி வந்த பூச்சாக இருக்கும்.

நல்ல என்ஜின்கூட கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். அதனால் கையேடு சொல்லும் அதே ரக ஆயிலைக் கால் லிட்டராக ஊற்றி, சில நிமிடம் கழித்து அளந்து பார்ப்பதே நல்லது. மேல்கோட்டைத் தாண்டி நிரப்பினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் சரியான அழுத்தம் தர முடியாது. மைத்துனரின் வண்டியில் கடைசியாக ஆயில் மாற்றி பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது, வண்டி நிற்கும் இடத்தில் கீழே சொட்டும் இல்லை, புகையில் நீல நிறமும் இல்லை. அரை லிட்டருக்குச் சற்று அதிகம் ஊற்றினோம், வேலை முடிந்தது. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தாலோ, குறைவதற்குப் பதிலாக ஏறி, எரிபொருள் வாடை அடித்தாலோ கிளம்பக் கூடாது. முதலாவது கூலன்ட் உள்ளே கலப்பதன் அறிகுறி, இரண்டாவது எரிபொருள் கலப்பதன் அறிகுறி. டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம். அந்த விளக்கு அழுத்தம் போன பிறகுதான் எரியும்.

கூலன்ட் கதை வேறு. அது மூடிய வட்டத்தில் சுற்றுகிறது, எரிந்து தீர வழியில்லை. என்ஜின் ஆறிய நிலையில் டப்பாவில் கோட்டுக்குக் கீழே இருந்தால், அது எங்கோ வெளியேறியிருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் கொதித்து முகத்தில் பாயும்.

டார்ச் எடுத்து ரப்பர் ஹோஸ்களின் முனைகளைத் தடவிப் பார்த்தோம். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த பொருக்கு இருந்தது. கூலன்ட் சூட்டில் கசிந்து, தண்ணீர் ஆவியாகி, சாயம் மட்டும் தங்கியிருந்தது. தரையில் ஈரமே இல்லாததற்குக் காரணம் இதுதான். தளர்ந்த கிளிப்பை மாற்றி, அதே வகைக் கூலன்டைக் கையேடு சொன்ன விகிதத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து, இரு கோடுகளுக்கும் நடுவே நிறுத்தி, டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டோம். காரணம் கிடைக்காமல் ஊற்றியிருந்தால் அந்த மார்க்கர் கோடு இன்னும் முக்கியம். முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு, ஆறிய என்ஜினில், மட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். வாட்டர் பம்பிலோ ஹெட் கேஸ்கெட்டிலோ பிரச்சினை இருக்கலாம். டெம்பரேச்சர் முள்ளையும் முழுக்க நம்ப முடியாது. கூலன்ட் மிகவும் இறங்கி சென்சார் காற்றில் நின்றால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாதாரணமாகக் காட்டக்கூடும்.

பிரேக் ஆயிலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இதுவும் மூடிய அமைப்புதான், ஆனால் ஒரு நியாயமான காரணத்துக்காக மட்டம் இறங்கும். சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்கிறது. பிஸ்டன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, டப்பாவிலிருந்து திரவம் கீழே போகிறது. ஆக, மெதுவாக இறங்கிய மட்டம் பேட் தேய்ந்த கணக்கைச் சொல்கிறது. அதில் ஊற்றி மேல்கோட்டுக்கு ஏற்றினால் அந்தக் கணக்கை நாமே அழித்துவிடுகிறோம். பிறகு புதுப் பேட் போடும்போது மெக்கானிக் பிஸ்டனை உள்ளே தள்ளுவார், திரவம் திரும்பி வந்து டப்பா வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்து போகும்.

இன்னொரு காரணம் கசிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. சக்கரத்தின் இடைவெளி வழியே பேட்டின் கனத்தைப் பாருங்கள். சக்கரங்களின் உட்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்ற நிலையில் பிரேக் பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் காலுக்குக் கீழே மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள். அங்கேயே மெக்கானிக்கை வரவழையுங்கள். கியர் வண்டிகள் பலவற்றில் கிளச்சும் இதே டப்பாவிலிருந்துதான் திரவம் எடுக்கும், அதனால் கிளச் பெடலின் மேல்பக்கத்தையும் தடவிப் பார்ப்பது நல்லது.

திரவம் நிஜமாகவே சேர்க்க வேண்டியிருந்தால் மூடியில் எழுதியிருக்கும் வகையையே, அது டாட் 4 என்றால் டாட் 4ஐயே, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள். திறந்து வைத்த பாட்டில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4இன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்கும்போது அது கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும்.

மைத்துனரின் வண்டியில் பெடல் கெட்டியாக நின்றது, எங்கும் ஈரமில்லை. முன் பேட்டுகளில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் மிச்சம். விடிகாலைப் பயணத்தை மதியத்துக்குத் தள்ளிவைத்தார், மனசே இல்லாமல். மெக்கானிக் புதுப் பேட் மாட்டி, பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகு டப்பாவைப் பார்த்தோம். ஒரு சொட்டும் ஊற்றாமலே மட்டம் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.