அறுகம் குடா விடுதித் தளம்: அட்டைக் கட்டணம் முதல் நாளிலேயே வேண்டுமா?

ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதியின் இணையத்தளம், அலைச்சறுக்குப் பருவம் தொடங்குமுன் வெளியாக வேண்டும். கையில் இருப்பது ஒரே நிரலாளரின் 20 வேலைநாட்கள்.

முதல் வழியில், அறை விவரம், முன்பதிவுப் படிவம், கைபேசிக்கு ஏற்ற வடிவமைப்பு மூன்றும் (9 நாட்கள்), காலியறை நாட்காட்டி (4), அட்டைக் கட்டணம் (5) ஆகிய எல்லாமே 'கட்டாயம்' பட்டியலில் சேர்ந்து 18 நாட்களை விழுங்கும். கட்டாய வேலைகள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற பழகிய வரம்பின்படி 12 நாட்களே இடமுண்டு. அதைவிட, அட்டைக் கட்டணம் பெறத் தேவையான வணிகக் கணக்குக்கு வங்கி தரும் அனுமதி நிரலாளரின் கையில் இல்லை. அது தாமதித்தால் முடிந்த பக்கங்களும் வெளியாகாமல் காத்திருக்கும்.

இரண்டாம் வழி 'முன்பதிவு' என்ற அம்சத்தையே உடைக்கிறது: விருந்தினர் படிவத்தில் கேட்பது கட்டாயம், நாட்காட்டி இருந்தால் நல்லது, அட்டைக் கட்டணம் பிறகு. உரிமையாளர் வாட்ஸ்அப்பில் உறுதிசெய்து, முற்பணத்தை வங்கிக் கணக்கில் பெறுவார். கட்டாய வேலை 9 நாட்களில் முடிகிறது. நாட்காட்டியையும் செய்தாலும் சோதனைக்கு 7 நாட்கள் மிஞ்சும்.

ஆறு அறைகளுக்கு நான் இரண்டாவதையே தேர்வேன். ஆனால் பதிவேட்டை இருவர் எழுதத் தொடங்கி, ஒரே அறை இரு தடவை கொடுக்கப்பட்டால், நாட்காட்டி அன்றே கட்டாயப் பட்டியலுக்கு ஏறிவிட வேண்டும். அட்டைக் கட்டணம் அப்போதும் காத்திருக்கலாம்.