உட்கருவா, துகளா? ரத்த ஸ்மியரில் நான் எதை முதலில் பார்க்கிறேன்

ரத்த ஸ்மியரில், அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்பிச் சாயமேற்றிய ரத்தத்தில், வெள்ளையணுக்களை இனம் பிரிக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உட்கருவின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது. இன்னொன்று, உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் துகள்கள் எப்படிச் சாயமேறியிருக்கின்றன என்று பார்ப்பது. அனுபவம் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தேதான் பார்க்கிறார்கள். ஆனாலும் கண் முதலில் எங்கே போகிறது என்பதில் வித்தியாசம் உண்டு. நான் பல மாதங்கள் உட்கருவை முதலில் பார்த்துவிட்டு, இப்போது துகளுக்கு மாறியிருக்கிறேன்.

உட்கரு வழியின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று நான்கு மடல்கள் மெல்லிய இழையால் இணைந்திருந்தால் நியூட்ரோபில். உருண்டையாக, செல்லை அடைத்துக்கொண்டு இருந்தால் லிம்போசைட். அவரை விதை மாதிரி மடிந்திருந்தால் மோனோசைட். இரண்டே மடல் என்றால் ஈசினோபில். ஒரு நாளில் படித்துவிடலாம், மறக்கவும் மறக்காது. சாயம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் உட்கருவின் வெளிக்கோடு தெரிந்துவிடும் என்பதும் இதற்குப் பெரிய பலம்.

சிக்கல் அந்த "இரண்டே மடல்" என்ற இடத்தில்தான். நியூட்ரோபிலுக்கு வழக்கமாக இரண்டு முதல் ஐந்து மடல்கள் வரை இருக்கும். இரண்டு மடல் நியூட்ரோபில் நல்ல ஆரோக்கியமான ரத்தத்திலேயே கிடைக்கும். மூன்று மடல் ஈசினோபிலும் கிடைக்கும். போதாததற்கு, செல் ஸ்லைடில் எப்படிச் சாய்ந்து விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு மடல் இன்னொன்றின் அடியில் ஒளிந்துகொள்ளும். பெல்ஜர்-ஹூயட் என்ற பரம்பரைக் குணம் உள்ளவர்களின் ரத்தத்தில் பெரும்பாலான நியூட்ரோபில்கள் மூக்குக்கண்ணாடி போல இரண்டு மடலோடுதான் இருக்கும். வடிவத்தை மட்டும் நம்பினால் அவ்வளவையும் ஈசினோபில் என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. வடிவம் செல்லின் வயதையும் அது படுத்திருக்கும் விதத்தையும் பொறுத்தது. துகளோ அந்த செல் எந்த வேலைக்காக உருவானது என்பதையே காட்டுகிறது.

ஈசினோபிலின் துகள்களில் காரத்தன்மையுள்ள புரதம் நிறைந்திருக்கிறது. அது ஈயோசின் என்ற அமிலச் சாயத்தை இழுத்துப் பிடித்து ஆரஞ்சுச் சிவப்பாகிறது. பேசோபில் துகளில் ஹெப்பாரின் போன்ற அமிலப் பொருள் இருப்பதால் அது நீலச் சாயத்தைப் பிடித்துக் கருஊதாவாகிறது. நியூட்ரோபிலின் சிறு துகள்கள் இரண்டிலும் அழுந்தாமல் மெல்லிய இளஞ்சிவப்புத் தூசி மாதிரி தெரியும். 1879-இல் பால் ஏர்லிக் ஈசினோபிலைத் தனியாகப் பிரித்துக் காட்டியதும் இந்தச் சாயப் பழக்கத்தை வைத்துத்தான்.

சரி, துகள் வழிக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. சாயத்தை ஒழுங்காகப் பராமரிக்காவிட்டால் அது ஏமாற்றிவிடும். என் முடிவைத் தீர்மானித்ததும் இந்த விஷயம்தான்.

நான் பயன்படுத்துவது லீஷ்மன் சாயம். ஸ்லைடில் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விட வேண்டும். அதிலுள்ள மெத்தனால் செல்களை ஸ்லைடோடு பிடிக்க வைக்கிறது. அப்புறம் அமில-காரத் தன்மை மாறாமல் வைத்திருக்கும் பஃபர் நீரை, சாயத்தைப் போல இரண்டு மடங்கு சேர்த்துக் கலந்து ஏழு முதல் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். நிறம் உண்மையில் ஏறுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். அந்த நீரின் பிஹெச் 6.8 இருக்க வேண்டும். காரப் பக்கம் நகர்ந்தால் ஈயோசின் சரியாக ஒட்டாது. சிவப்பணுக்கள் நீலம் கலந்த சாம்பலாகும், ஈசினோபில் துகளும் சிவப்பை இழக்கும், நியூட்ரோபிலின் சிறு துகள்கள் அடர்ந்து தடித்துத் தெரியும். அமிலப் பக்கம் போனால் சிவப்பணுக்கள் பளீரென்று சிவந்து, உட்கருக்கள் வெளிறிவிடும்.

ஒரு நாள் பஃபர் தீர்ந்துபோக, நான் குழாய்த் தண்ணீரை வைத்துச் சாயமேற்றினேன். அந்த ஸ்லைடில் 200 செல்கள் எண்ணியதில் ஈசினோபில் 5 மட்டுமே வந்தது, அதாவது 2.5 சதவீதம். மொத்த வெள்ளையணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 8,000. கணக்குப்படி ஈசினோபில் 200, கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பணுக்கள் சாம்பலாக இருந்தது உறுத்தியது. புதிய பஃபர் தயாரித்து, அதே சோதனைக் குழாயிலிருந்த ரத்தத்தில் இன்னொரு ஸ்மியர் போட்டு மறுபடி 200 எண்ணினேன். 18 ஈசினோபில்கள், 9 சதவீதம், மைக்ரோலிட்டருக்கு 720. வழக்கமான மேல் எல்லையான 500-ஐ அது தாண்டிவிட்டது. 200 செல் எண்ணும்போது தற்செயலாகச் சில எண்ணிக்கை கூடக் குறைய வரும்தான், ஆனால் இந்த இடைவெளிக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பழைய ஸ்லைடை மறுபடி எடுத்து, நூறு மடங்கு ஆயில் லென்ஸில் நியூட்ரோபில் என்று எழுதியிருந்த செல்களைத் தேடிப் பார்த்தேன். சிலவற்றின் சைட்டோபிளாசத்தில் சாம்பல் நிறத் துகள்கள் இருந்தன. நிறத்தைத்தான் காணோம், மற்றபடி எல்லாம் ஒரே அளவில், பெரிதாக, நெருக்கி அடுக்கினாற்போல செல்லை நிரப்பியிருந்தன. ஃபைன் ஃபோகஸை மெதுவாக மேலும் கீழும் திருப்பியபோது ஒவ்வொன்றும் தனி மணியாக மின்னியது. நியூட்ரோபில் துகள் தடித்தாலும் இப்படி மின்னாது, அளவும் சீராக இருக்காது. அந்தச் செல்களில் சிலவற்றுக்கு மூன்று மடல்கள். மடலைப் பார்த்த வேகத்தில் நியூட்ரோபில் என்று எழுதியவன் நான். அன்றுதான் துகள் வழியை, நிறத்தைவிட துகளின் அளவையும் அடுக்கையும் முன்வைத்துப் பழகத் தொடங்கினேன். சாயம் கெட்டாலும் அவை பெரும்பாலும் மிஞ்சுகின்றன.

பேசோபிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துகள்கள் உட்கருவின் மேலேயே படர்ந்து அதை மறைத்துவிடுவதால் வடிவம் பார்க்க வழியே இல்லை. அந்தத் துகள்கள் தண்ணீரில் கரையும் என்பதால், அதிகம் கழுவினால் அவை இருந்த இடத்தில் வெற்றுக் குழிகள் மட்டும் நிற்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மோனோசைட்டும் பெரிய லிம்போசைட்டும் குழம்பும் இடத்தில் துகள் பாதி தூரம்தான் வருகிறது. மோனோசைட்டின் மங்கலான சாம்பல்நீல சைட்டோபிளாசத்தில் எண்ண முடியாத நுண்தூசி இருக்கும். துகளுள்ள பெரிய லிம்போசைட்டில் வெளிர்நீலப் பின்னணியில் ஊதாத் துகள்கள் சிலவே இருக்கும், எண்ணிவிடலாம். அவையும் தெளிவில்லாவிட்டால் நான் உட்கருவுக்கே திரும்புகிறேன். ஆனால் அதன் வடிவத்துக்கு அல்ல. மோனோசைட்டின் உட்கரு சில சமயம் உருண்டையாகவே இருக்கும், லிம்போசைட்டின் உட்கருவிலும் பள்ளம் விழும். உட்கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் தளர்ந்த வலை மாதிரி இருக்கிறதா, கட்டிகட்டியாக இறுகியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இந்த ஒரு இடத்தில் உட்கருக் கட்சிக்கே என் ஓட்டு.

நான் அதிகம் பார்த்திருப்பது முதிர்ந்த செல்கள்தான். முதிராத பிளாஸ்ட் செல்களில் துகளே இல்லாமல் போகலாம். அங்கே என் கண்ணை நம்பிப் பெயர் எழுதும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை, ஸ்லைடை மூத்தவரிடம் கொடுத்துவிடுகிறேன். மற்ற ஸ்லைடுகளில், முதல் வெள்ளையணுவைத் தொடும் முன் சிவப்பணுவின் நிறத்தைப் பார்க்கிறேன். சாம்பலாக இருந்தால் எண்ணுவதில்லை, புதிய பஃபரில் இன்னொரு ஸ்மியர் போடுகிறேன்.